லோ வோல்டேஜில் திணறிய கம்ப்ரசர்: ஹார்டு ஸ்டார்ட் கிட் போட்ட அனுபவம்

பகலில் ஒழுங்காக ஓடும் ஏசி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் அடம்பிடித்தது. வெளியே வைத்திருக்கும் யூனிட்டில் விசிறி சுற்றும். கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று ஆறேழு விநாடி உறுமும். வீட்டு விளக்குகள் மங்கும், விசிறியின் வேகமும் கொஞ்சம் இறங்கும். அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். உறுமல் நின்றுவிடும். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே டக். நாலைந்து தடவை ஆனதும் இடைவெளி பத்து நிமிடம் வரை நீண்டுவிடும்.

பார்க்க வந்த மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளே இறுகிப்போன கம்ப்ரசர் என்றால் பகலிலும் திணற வேண்டும் அல்லவா? மதியம் 225 வோல்ட் இருக்கும்போது இது தொட்டவுடன் ஓடுகிறது. அதனால் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். அடுத்த பத்து நாட்களில் செய்ததும் அளந்ததும்தான் இந்தப் பதிவு. என் யூனிட் ஒன்றரை டன், நிலையான வேகத்தில் ஓடும் பழைய வகை. இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அந்தக் கம்ப்ரசரைப் போர்டே மூன்று ஃபேஸாக மாற்றி ஓட்டுகிறது, அதில் கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் இந்த ஹார்டு ஸ்டார்ட் கிட்டை மாட்டினால் போர்டு எரியும்.

எந்த டக்?

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். கம்ப்ரசரின் தலையில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஓவர்லோடு என்று ஒரு சின்ன வட்டு இருக்கும். அதற்குள் இரட்டை உலோகத் தகடு. கரண்ட் அதிகமாகிச் சூடானால் அது வளைந்து காமன் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆறியதும் தானே ஒட்டிக்கொள்ளும். நீண்ட உறுமலுக்குப் பிறகு ஒரே ஒரு டக், பிறகு சில நிமிடம் அமைதி என்றால் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முறையும் கம்ப்ரசரின் உடம்பு இன்னும் சூடாவதால்தான் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது.

'டட் டட் டட்' என்று வேகமாக அடித்துக்கொண்டால் கதை வேறு. கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போதிய வோல்டேஜ் கிடைக்காமல் அது பிடித்துப் பிடித்து விடுகிறது என்று அர்த்தம். அதற்கு ஹார்டு ஸ்டார்ட் கிட் மருந்து ஆகாது. கிட் வேலை செய்வதற்கே கான்டாக்டர் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும்.

என்னுடையது முதல் வகை. கம்ப்ரசர் லைனில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். உறுமும்போது 29 ஆம்பியர், டக் என்றதும் பூஜ்யம். ஓடும்போது இதே கம்ப்ரசர் 8 ஆம்பியருக்குள்தான் எடுக்கும். யூனிட்டின் பெயர்ப்பலகையில், சுழலாமல் நிற்கும்போது 230 வோல்டில் எடுக்கும் கரண்ட் 42 ஆம்பியர் என்று போட்டிருந்தது. ஆகவே மோட்டார் நகரவே இல்லை, நின்ற இடத்தில் கரண்டை விழுங்கிச் சூடாகிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் 42 ஏன் வரவில்லை, 29 மட்டும் ஏன்? நின்றிருக்கும் மோட்டார் எடுக்கும் கரண்ட் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. 29 என்றால் கம்ப்ரசரின் முனையில் ஏறக்குறைய 158 வோல்ட்தான் இருக்க வேண்டும். ஆனால் உறுமல் தொடங்குவதற்கு முன் வீட்டு மீட்டர் பக்கத்தில் 198 காட்டியிருந்தது. அந்த 40 வோல்ட் எங்கே போனது?

கிட் வாங்குவதற்கு முன்

மின்சாரத்தை ஐசொலேட்டரில் அணைத்து, வெளி யூனிட்டின் மூடியைத் திறந்தேன். முதல் வேலை, கம்ப்ரசர் மோட்டார் கிளம்பவும் ஓடவும் துணை நிற்கும் ரன் கெப்பாசிட்டரை வெறுமையாக்குவது. 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் கிளிப் வைத்துச் செய்து வைத்திருக்கிறேன். அதைக் கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் பத்து விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். தீப்பொறியோடு முனையும் கருகும், கெப்பாசிட்டரும் கெடும்.

கெப்பாசிட்டரில் 45 மைக்ரோஃபாரட், கூட்டிக் குறைத்து 5 சதவீதம் என்று எழுதியிருந்தது. அளந்தால் 41. அனுமதித்த எல்லைக்குக் கீழே போய்விட்டது, புதிதாக மாற்றினேன். இதை மாற்றாமல் கிட்டைப் போடுவது தவறு. கிட் அரை விநாடிதான் உதவும், மீதி நேரமெல்லாம் வலுவிழந்த ரன் கெப்பாசிட்டரோடு மோட்டார் ஓட வேண்டியிருக்கும். பலருக்கு இந்த மாற்றத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை, அன்று ராத்திரியும் அதே உறுமல்.

மோட்டாரின் கம்பிச்சுருளான வைண்டிங்கையும் பார்த்துக்கொண்டேன். கம்ப்ரசரில் அதற்குக் காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று முனைகள். காமனுக்கும் ரன்னுக்கும் 1.6 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 2.9, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 4.5. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது, வைண்டிங் நலம். எந்த முனையிலிருந்தும் உடம்புக்குக் கசிவு இல்லை.

அடுத்தது அந்த 40 வோல்ட். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், பலனும் இதில்தான் அதிகம். உறுமல் ஆறேழு விநாடி நீடிப்பதால் சாதாரண மீட்டரிலேயே நிதானமாகப் படிக்க முடிகிறது. உறுமும்போது மெயின் போர்டில் 180, அதே நேரத்தில் கம்ப்ரசர் முனையில் 158. ஆக, தெருவிலிருந்து போர்டு வரை 18 வோல்ட் விழுகிறது, போர்டிலிருந்து யூனிட் வரை 22 வோல்ட் விழுகிறது. முதலாவது என் கையில் இல்லை. இரண்டாவது என் வீட்டுக்குள் நடக்கிறது.

ஐசொலேட்டரில் ஒரு சோதனை செய்தேன். மீட்டரின் ஒரு முனையை உள்ளே வரும் வயரிலும், மற்றதை வெளியே போகும் வயரிலும் வைத்தேன். ஆன் செய்திருக்கும் சுவிட்சின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றும் வரக்கூடாது. உறுமலின்போது 4.3 வோல்ட் வந்தது. 29 ஆம்பியரில் 4.3 வோல்ட் என்றால் அந்தச் சின்ன இடத்தில் 125 வாட் சூடு. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தபோது ஒரு திருகின் கீழே செம்புக் கம்பி கறுத்து, அதன் மேலுறை இரண்டு விரல்கடை தூரத்துக்குப் பொரிந்து சுருண்டிருந்தது. திருகு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கருகிய பகுதியை வெட்டி எறிந்து, புது ஐசொலேட்டர் வைத்து, முனைக்கு லக் போட்டு இறுக்கினேன். அந்த 4.3, கால் வோல்டுக்கும் கீழே போனது.

மீதி 17 வோல்ட் வயரிலேயே விழுந்தது. போர்டிலிருந்து யூனிட் வரை 25 மீட்டர், போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். போகவும் வரவும் 50 மீட்டர் செம்பு, அதன் தடை ஏறக்குறைய 0.6 ஓம். ஓடும்போது 8 ஆம்பியருக்கு இது 5 வோல்ட்தான் என்பதால் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. கிளம்பும் நேரத்தில்தான் மூன்றரை மடங்காகக் காட்டிக்கொடுக்கிறது. குழாய் வழியே புதிதாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தேன். ஒரு நாள் வேலை, முதுகு ஒடிந்துவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகு அதே 198 வோல்டில் கிளம்பும்போது கம்ப்ரசர் முனையில் 171 கிடைத்தது. 158க்கும் 171க்கும் 13 வோல்ட்தானே வித்தியாசம் என்று நினைக்கலாம். மோட்டாரின் கிளம்பும் வலு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230இல் கிடைக்கும் வலுவை நூறு என்று வைத்தால் 158இல் 47, 171இல் 55. கம்ப்ரசர் ஒரு விநாடி முனகிவிட்டுக் கிளம்பியது. டக் சத்தம் இல்லை.

இரண்டு நாள் சந்தோஷமாகப் போனது. மூன்றாம் நாள் ராத்திரி தெரு வோல்டேஜ் 190க்கு இறங்கியது. உறுமல், டக்.

கிட் என்ன செய்கிறது

இந்த வகை மோட்டாரில் ரன் வைண்டிங்குக்குத் துணையாக ஸ்டார்ட் வைண்டிங் ஒன்று இருக்கிறது. ரன் கெப்பாசிட்டர் அதற்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கரண்ட் அனுப்புவதால்தான் மோட்டாருக்குச் சுற்றும் திசையும் விசையும் கிடைக்கின்றன. 45 மைக்ரோஃபாரட் என்பது ஓடும் நேரத்துக்கு ஏற்ற அளவு. கிளம்பும் நேரத்துக்கு அது மிகக் குறைவு. அந்த அரை விநாடிக்கு மட்டும் இன்னொரு பெரிய கெப்பாசிட்டரை ரன் கெப்பாசிட்டரோடு பக்கவாட்டில் சேர்த்து, வேகம் பிடித்ததும் கழற்றிவிடுவதுதான் ஹார்டு ஸ்டார்ட் கிட்.

சேர்ப்பது எளிது. சரியான நேரத்தில் கழற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் தொடர்ந்து கரண்ட் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. கழற்றாமல் விட்டால் சீக்கிரமே சூடேறி மேல்மூடி உப்பி, உள்ளே இருக்கும் திரவம் பீய்ச்சியடிக்கும். கூடவே ஸ்டார்ட் வைண்டிங்கும் வேகும்.

கழற்றுவதற்கு இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று பி.டி.சி. என்னும் வில்லை. குளிர்ந்திருக்கும்போது சில பத்து ஓம், கரண்ட் பாய்ந்து சூடானதும் ஆயிரக்கணக்கான ஓம். அதாவது சூட்டினாலேயே தன்னை மூடிக்கொள்கிறது. இரண்டே வயர், மாட்டுவது சுலபம். ஆனால் அது ஆறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். எங்கள் பகுதியில் ராத்திரி மின்சாரம் கண் சிமிட்டுவதுபோல் போய்ப் போய் வரும். வில்லை சூடாக இருக்கும்போது மறுபடி கிளம்பச் சொன்னால் கிட் இருந்தும் இல்லாததுபோல்தான். அதனால் நான் இரண்டாவது வழிக்குப் போனேன், பொட்டென்ஷியல் ரிலே.

மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க ஸ்டார்ட் வைண்டிங்கின் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் ஏறும். முழு வேகத்தில் அது லைன் வோல்டேஜை விடவே அதிகமாக இருக்கும். ரிலேயின் காயில் இந்த வோல்டேஜைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் ரிலே இழுத்து, மூடியிருந்த முனையைத் திறந்து, ஸ்டார்ட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடும். அந்த அளவுக்குப் பிக்கப் வோல்டேஜ் என்று பெயர்.

வயரிங் சுருக்கமாக இதுதான். ரிலேயில் 1, 2, 5 என்று முனைகள் இருக்கும். 5 காமனுக்கு. 2 ஸ்டார்ட்டுக்கு, அதாவது ரன் கெப்பாசிட்டரில் ஸ்டார்ட் வயர் இருக்கும் பக்கத்துக்கு. 1லிருந்து ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் ஒரு காலுக்கு. அதன் மறுகால் ரன் கெப்பாசிட்டரில் ரன் வயர் இருக்கும் பக்கத்துக்கு. காயில் 2க்கும் 5க்கும் இடையே, மூடியிருக்கும் முனை 1க்கும் 2க்கும் இடையே. மாட்டுவதற்கு முன் ஓம் மீட்டரால் இந்த இரண்டையும் உறுதி செய்துகொண்டேன். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் 88 முதல் 108 மைக்ரோஃபாரட், 330 வோல்ட். அதன் இரு கால்களுக்கும் குறுக்கே 15 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் சார்ஜ் அடுத்த முறை ரிலே மூடும்போது அதன் முனைகளைக் கருக்கும், நாளடைவில் ஒட்டவைத்தும் விடும்.

முதல் கிட் செய்த வேலை

முதலில் வாங்கியது 'எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்த கிட். மதியம் மாட்டி ஆன் செய்தேன், 225 வோல்ட். கம்ப்ரசர் அசையாத குதிரைக்குச் சவுக்கடி விழுந்ததுபோல் கிளம்பியது. உறுமலே இல்லை. பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சரி தம்பி, லோ வோல்டேஜ்ல ரிலே திறக்குதான்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி 195 வோல்டில் பார்த்தேன். கிளாம்ப் மீட்டரை லைனில் மாட்டாமல் ஸ்டார்ட் கெப்பாசிட்டருக்குப் போகும் வயரில் மாட்டிவைத்து ஆன் செய்தேன். கம்ப்ரசர் கிளம்பியது, சத்தமும் ஓட்டமும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. 7 ஆம்பியரிலேயே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அணைத்துவிட்டேன். அந்த மூன்று விநாடியிலேயே கெப்பாசிட்டர் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

காரணம் ரிலேயின் மேலேயே அச்சாகியிருந்தது. பிக்கப் 310 முதல் 330 வோல்ட். மதியம் 225 லைனில் ஸ்டார்ட் வைண்டிங்கில் 335 வந்தது, ரிலே திறந்தது. ராத்திரி 195இல் 290தான் வந்தது, திறக்க முடியவில்லை. எந்த நேரத்துக்காக வாங்கினோமோ அந்த நேரத்தில்தான் இது தன்னையும் கம்ப்ரசரையும் சேர்த்துக் கொல்லும். கவனிக்காமல் படுத்திருந்தால் காலையில் வெடித்த கெப்பாசிட்டரைத்தான் பார்த்திருப்பேன். 'கிட் போட்டும் ஒரு வாரத்தில் போய்விட்டது' என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ரிலேயை அளந்து தேர்ந்தெடுத்தது

கிட்டைக் கழற்றிவிட்டு, ரன் கெப்பாசிட்டரோடு மட்டும் கம்ப்ரசரை ஓடவிட்டு அளந்தேன். மின்சாரம் அணைத்து, கெப்பாசிட்டரை வெறுமையாக்கி, ஸ்டார்ட் முனைக்கும் காமனுக்கும் மீட்டரின் கிளிப்புகளை மாட்டி, மூடியை வைத்துவிட்டுத்தான் ஆன் செய்தேன். ஓடும் யூனிட்டுக்குள் கையில் முனையைப் பிடித்துக்கொண்டு துழாவ வேண்டாம், அங்கே இருப்பது 300 வோல்டுக்கு மேல். மீட்டரும் 600 வோல்ட் தாங்கும் என்று குறித்ததாக இருக்கட்டும்.

யூனிட் முனையில் 205 வோல்ட் இருந்தபோது 305 காட்டியது. மதியம் 225க்கு 335. இரண்டுமே லைனைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த விகிதம் கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், என் எண்ணை எடுத்து உங்கள் யூனிட்டில் போடக்கூடாது. என் கணக்கு இப்படிப் போனது. நான் இந்தக் கம்ப்ரசரை ஓடவிடப்போகும் மிகக் குறைந்த வோல்டேஜ் 185 என்று முடிவு செய்தேன். அதில் ஸ்டார்ட் வைண்டிங்கில் ஏறக்குறைய 275 வரும். ரிலே இதற்குள் கட்டாயம் திறக்க வேண்டும், கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். ஆகவே பிக்கப்பின் மேல் எல்லை 260ஐத் தாண்டக்கூடாது.

சரி, அப்படியானால் பிக்கப்பை இன்னும் குறைத்து 180 என்று வைத்துவிடலாமே என்றால், அதுவும் கூடாது. மோட்டார் பாதி வேகம்கூடப் பிடிக்காதபோதே ரிலே கெப்பாசிட்டரைக் கழற்றிவிடும், மோட்டார் நடுவழியில் நின்று மறுபடி உறுமும். வேகம் முக்கால்வாசியைத் தாண்டும்போது கழற்றுவதுதான் சரி. இன்னொரு எல்லை மேல் பக்கம். விடியற்காலையில் எங்களுக்கு 245 வோல்ட் வரை ஏறும். அப்போது காயிலுக்குக் குறுக்கே 365 வோல்ட் மணிக்கணக்கில் நிற்கும். காயில் தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ் என்று ரிலேயில் தனியாக ஒரு எண் இருக்கும், அது இதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

தேடி எடுத்தது பிக்கப் 240 முதல் 260, தொடர்ந்து தாங்குவது 395 வோல்ட். கெப்பாசிட்டரைப் பழையபடியே வைத்துக்கொண்டேன். கிளம்பவில்லை என்றால் இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு அளவுக்கு மேல் போனால் வலு கூடாது, ஸ்டார்ட் வைண்டிங்கின் கரண்ட்தான் கூடும். கம்ப்ரசர் செய்தவர்கள் அந்த மாடலுக்கு ஒரு அளவு கொடுத்திருந்தால் அதையே போடுங்கள்.

மாட்டும்போது இன்னொன்று. இந்த வகை ரிலேயில் மேல்பக்கம் எது என்று அம்பு போட்டிருப்பார்கள். உள்ளே அசையும் பகுதிக்கு எடை இருக்கிறது. படுக்கவைத்தோ தலைகீழாகவோ மாட்டினால் பிக்கப் அளவு மாறிவிடும். இவ்வளவு கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒயர் கட்டும் பட்டையால் குறுக்காகக் கட்டித் தொங்கவிட்டால் கணக்கெல்லாம் வீண். யூனிட்டின் பக்கத் தகட்டில், குளிர்க் குழாயில் படாமல், நிமிர்த்தித் திருகு போட்டேன். கெப்பாசிட்டரும் கூர் விளிம்புகளில் உரசாமல் கிளாம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி வரை காத்திருந்தேன். 190 வோல்ட். மீட்டர் மறுபடியும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வயரில். ஆன் செய்ததும் மீட்டர் எண் ஒரு துள்ளல் துள்ளி, நான் படிப்பதற்குள் பூஜ்யமானது. உறுமல் அரை விநாடிகூட இல்லை. கூர்ந்து கேட்டால் கிளம்பிய உடனே மெல்லிய ஒரு 'டிக்'. அது ரிலே திறக்கும் சத்தம். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன பிறகு, கேட்டதும் நிம்மதியான ஒரே டிக் அதுதான்.

லைனில் கிளாம்ப்பை மாற்றிப் பார்த்தபோது கிளம்பும் கரண்டின் உச்சம் பழையபடி 30 ஆம்பியரை ஒட்டியே இருந்தது. கிட் போட்டால் கரண்ட் பாதியாகும் என்று விளம்பரங்களில் பார்த்திருக்கிறேன், என் அளவில் அப்படி இல்லை. குறைந்தது நேரம்தான். ஏழு விநாடி இழுத்த கரண்ட் அரை விநாடியில் முடிகிறது, ஓவர்லோடு சூடாவதற்கு நேரமே இல்லை.

கிட்டால் ஆகாதது

கிளம்பிய பிறகு கிட் வேலையில் இல்லை. 190 வோல்டில் ஓடும்போது கம்ப்ரசர் 9 ஆம்பியருக்கு மேல் எடுக்கிறது, 225இல் எடுத்தது 7.8. கரண்ட் கூடினால் வைண்டிங்கின் சூடும் கூடும். முன்பெல்லாம் கிளம்ப முடியாமல் நின்றதே ஒருவிதப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது கிளம்பிவிடுகிறது என்பதால், ஓடக்கூடாத வோல்டேஜில் ஓடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதாகிவிட்டது.

ஆகவே போர்டில் ஒரு வோல்டேஜ் கட்-ஆஃப் வைத்தேன். 185க்குக் கீழே போனால் துண்டிக்கும், 195க்கு மேல் வந்து நான்கு நிமிடம் கழித்துத்தான் இணைக்கும். அந்த நான்கு நிமிடம் மிக முக்கியம். ஓடிக்கொண்டிருந்த யூனிட் நின்றவுடன் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கிளம்பச் சொன்னால் கிட் இருந்தாலும் கம்ப்ரசர் திணறும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் கட்-ஆஃப் அந்த இடைவெளியை விட்டே இணைக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. முதல் ராத்திரியே கம்ப்ரசர் கிளம்பிய நொடியில் கட்-ஆஃப் துண்டித்துவிட்டது. கிளம்பும்போது போர்டில் 190 வோல்ட் அரை விநாடிக்கு 171 ஆகிறது, கருவி அதைத்தான் லோ வோல்டேஜ் என்று எடுத்துக்கொண்டது. துண்டிப்பதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை 3 விநாடியாக மாற்றினேன், பிறகு தொல்லை இல்லை. அப்படி மாற்ற முடியாத கருவி இந்த வேலைக்கு உதவாது.

நல்ல வோல்டேஜிலும் திணறும் கம்ப்ரசருக்கு கிட் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். வயர், இணைப்பு, ரன் கெப்பாசிட்டர் எல்லாம் சரியாக இருந்து, பத்து நிமிடம் ஓய்வும் கொடுத்து, 225 வோல்டில் உறுமி நின்றால் உள்ளே தேய்ந்து இறுகியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிட் போட்டால் சில நாளோ சில மாதமோ ஓடலாம். அது மாற்று ஏற்பாடு செய்வதற்கான அவகாசம், அவ்வளவுதான்.

போட்டு ஒரு கோடை முடிந்துவிட்டது. போன வாரம் மூடியைத் திறந்து பார்த்தேன். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் உப்பவில்லை, அளந்தால் 94 மைக்ரோஃபாரட். ரிலேயின் 1க்கும் 2க்கும் இடையே ஓம் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது, முனைகள் கருகவில்லை. ஆனால் முனை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும் என்பதால், மூடுவதற்கு முன் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வயரில் கிளாம்ப்பை மாட்டி ஒருமுறை கிளம்பவிட்டுப் பார்த்தேன். துள்ளியது, பூஜ்யத்துக்கு வந்தது.